மதுரைத் தெருக்கடையில் சாப்பிடும் முன் ஐந்து நிமிடம் எதைப் பார்க்க வேண்டும்?

மதுரைக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் தெருவில்தான் அமையும். கோயிலைச் சுற்றிய வீதிகளிலும் பெரியார் பேருந்து நிலையத்தின் பக்கமும் ஏழு மணிக்கு மேல் புரோட்டாக் கல் சூடாகிவிடும். இட்லிக் கடை, தோசைக் கடை, பருத்திப்பால் வண்டி, ஜிகர்தண்டா என்று வரிசையாக இருக்கும். ஊருக்குப் புதியவர்கள் வழக்கமாகக் கேட்பது “எந்தக் கடை நல்ல கடை?” என்றுதான். பேரை மட்டும் தெரிந்துகொண்டு போனால் அது பாதிதான் உதவும். மதியம் சுத்தமாக இருந்த அதே கடை, ராத்திரி பதினொரு மணிக்கு வேறு மாதிரி இருக்கும்.

அதனால் நான் சொல்வது வேறு ஒரு கேள்வி. இந்தச் சாப்பாடு அடுப்பை விட்டு இறங்கிய பிறகு என்னென்ன அதைத் தொடுகிறது? எந்த ஊர்த் தெருவிலும் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே பெரும்பாலான முடிவுகளை எடுத்துவிடலாம். இங்கே மதுரையை வைத்துச் சொல்கிறேன்.

அடுப்பு செய்யும் வேலை

உணவின் நடுப்பகுதி வரை 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிவிட்டால், வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை செத்துவிடும். கல்லில் இருந்து நேராகத் தட்டுக்கு வரும் தோசை, ஆவி பறக்கும் இட்லி, உங்கள் கண் முன்னால் வெந்த ஆம்லெட் எல்லாம் அந்தச் சூட்டைத் தாண்டி வந்தவை. வண்டி பழசாக இருக்கலாம், கடைக்காரரின் சட்டையில் எண்ணெய்க் கறை இருக்கலாம். அதனால் தோசைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அப்புறம்தான் சிக்கல். சமைத்த உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் கிருமிகள் மறுபடி பெருக ஆரம்பிக்கின்றன. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. மதுரை வெயிலில் அந்த இரண்டு மணி நேரத்தையும் இன்னும் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். இதோடு, அடுப்பைப் பார்க்காமலே தட்டுக்கு வருகிறவையும் உண்டு: சட்னியில் ஊற்றிய தண்ணீர், தயிர்வெங்காயம், கொத்தமல்லித் தழை, கழுவிய தட்டு, பரிமாறும் கை.

முதலில் கடையின் பின்பக்கம்

கடைக்கு முன்னால் நின்றால் கல்லும் புகையும்தான் தெரியும். இரண்டு எட்டு தள்ளி, தட்டு கழுவுகிற பக்கத்தில் நில்லுங்கள். அங்கே ஒரு பக்கெட் இருக்கிறதா, மூன்று இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே பக்கெட்டில் எச்சில் தட்டை முக்கி எடுத்து, உதறி, அடுத்தவருக்கு வைத்தால், உங்களுக்கு முன்னால் சாப்பிட்ட அத்தனை பேரின் கையும் வாயும் பட்ட தண்ணீர் உங்கள் தட்டில் இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தால் வெகு நேரமாக மாற்றவில்லை.

இதற்காகக் கடையை விட்டுப் போக வேண்டியதில்லை. தட்டின் மேல் வாழையிலை போட்டுத் தருகிற கடைதான் மதுரையில் அதிகம். இலைத்துண்டு பெரிதாக, தட்டின் விளிம்பு வரை வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இலையில் கடைத் தண்ணீரைத் தெளித்திருந்தால் அதை வழித்துவிட்டு, உங்கள் பாட்டில் தண்ணீரைத் தெளித்துத் துடைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் செய்கிற காரியம் என்பதால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இலைக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் விரித்துச் சூடான சால்னாவை ஊற்றுகிற கடையைத் தவிர்ப்பது நல்லது. அந்தத் தாள்களுக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது.

பஜ்ஜி, வடைக்கு இன்னொன்று: எண்ணெயைச் செய்தித்தாளில் பிழிந்து தந்தால் வேண்டாம் என்று சொல்லி, இலையிலோ வெள்ளைத் தாளிலோ வாங்குங்கள். அச்சு மை சூடான எண்ணெயில் எளிதாகக் கரைந்து சாப்பாட்டில் ஏறும்.

கூட்டத்தை எப்படிப் படிப்பது

“கூட்டம் இருக்கிற கடையில் சாப்பிடு” என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் அரைகுறை. கூட்டம் இருந்தால் சரக்கு தேங்காது, அதுதான் அதன் பலன். எந்தச் சரக்கு தேங்கவில்லை என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இட்லிக் கடையில் இட்லி பத்து நிமிடத்துக்கு ஒரு ஈடு இறங்கும், பழசாக வாய்ப்பே இல்லை. பக்கத்தில் இருக்கும் தேங்காய்ச் சட்னி அப்படியல்ல. சாயங்காலம் ஒரே தடவை அரைத்து வாளியில் வைத்திருப்பார்கள். கூட்டம் அதிகமானால் சட்னி தீரும். தீரப் போகிற நேரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கலக்குவார்கள். வாளியில் மேலே தெளிவாகத் தண்ணீர் நின்று, அடியில் தேங்காய்ப் பூ தங்கியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்ததே உங்கள் மறுநாள். சட்னியில் ஈரமும் அதிகம், புளிப்பும் குறைவு. அதனால் கிருமிக்கு வசதியான இடம். கெட்ட வாடை வந்தால் மட்டுமே ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். வயிற்றுப்போக்கு தரும் கிருமி நிறைய இருந்தாலும் சட்னியின் ருசியும் மணமும் மாறாமல் இருக்கலாம்.

அதனால் இட்லிக்குப் பாதுகாப்பான துணை பொடியும் நல்லெண்ணெயும்தான். கொதிக்கிற சாம்பார் அடுத்தது. தேங்காய்ச் சட்னி ஆசையாக இருந்தால், கடை திறந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சாப்பிடுங்கள், அல்லது கண் முன்னால் புதிதாக அரைத்துக் கொட்டும்போது வாங்குங்கள்.

கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்த போண்டா, பஜ்ஜி, கோலா உருண்டைக்கும் இதே கணக்கு. பெட்டியில் இருப்பது எப்போது போட்டது என்று உங்களுக்குத் தெரியாது. “அண்ணே, அடுத்த ஈடு எப்ப எடுப்பீங்க?” என்று கேட்டு, எண்ணெயில் இருந்து எடுத்ததையே வாங்குங்கள். அப்படியே எண்ணெயையும் ஒரு பார்வை பாருங்கள். கறுத்து, கெட்டியாகி, நுரை அடங்காமல், தொண்டையைக் கமறும் புகை வந்தால் பலமுறை காய்ந்த எண்ணெய். அதில் கிருமி இருக்காது, ஆனால் நெஞ்செரிச்சலோடு பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

சோறு மட்டும் தனி விஷயம்

சூடாக வருவது எல்லாம் பாதுகாப்பு என்ற விதிக்கு முக்கியமான ஒரு விலக்கு உண்டு. ஃபிரைடு ரைஸ் வண்டிகளில் சோற்றை மதியமே வடித்து, பெரிய பேசினில் ஆற வைத்துவிடுவார்கள். சோறு உதிரியாக வர அது தேவையும்கூட. ஆனால் அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு சூட்டுக்கு அசையாது. நெருப்பு மேலே எழும்ப இரண்டு நிமிடம் கடாயில் புரட்டினாலும் பாக்டீரியா சாகும், நச்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வருவது இதனால்தான்.

பேசினில் சோறு மலைபோல் குவிந்திருந்தால் நடுப்பகுதி ஆறவே நேரமாகும், கிருமிக்கு அதுதான் வேண்டும். அகலமாகப் பரப்பி வைத்த சோறும், அப்போதுதான் வடித்துக் கொண்டுவந்த புதுப் பானையும் நல்ல அடையாளம். ராத்திரி பத்து மணிக்கு மேல், அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் பேசினைப் பார்த்தால் நான் தோசைக் கடைக்கு நகர்ந்துவிடுவேன்.

தண்ணீரும் ஐஸும்

கடையில் மூடிய 20 லிட்டர் கேனில் குழாய் வைத்திருந்தால், அதன் மூடியின் உறை அங்கே கிழித்துப் போட்டதா, அல்லது வெறும் கேனில் வேறெங்கோ பிடித்த தண்ணீரா என்பது வெளியில் இருந்து தெரியாது. டிரம்மில் சொம்பை விட்டு மொண்டு தருகிறார்கள் என்றால், சொம்பு பிடித்த கையும் சேர்ந்தே டிரம்முக்குள் போகிறது. குடிக்கும் தண்ணீரை மட்டும் நீங்களே கொண்டுபோங்கள். பாட்டில் வாங்கினால் மூடியைத் திருகும்போது உறை உடைகிற சத்தம் கேட்க வேண்டும். பாட்டிலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் நல்லது.

ஐஸைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நினைக்கிறார்கள். சாகாது, தூங்கும். குடிக்கத் தகாத தண்ணீரில் செய்த ஐஸ், உருகினால் குடிக்கத் தகாத தண்ணீர்தான். மீனையும் மற்ற பொருளையும் பதப்படுத்தச் செய்யும் ஐஸ் சாப்பாட்டுக்கு வரக் கூடாது என்பதற்காக, அதற்கு நீல நிறம் கலக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் உத்தரவிட்டது. நீலம் தெரிகிற ஐஸ் டம்ளரில் விழுந்தால் வாங்கவே வேண்டாம். வெள்ளையாக இருப்பதாலேயே நல்லது என்றும் ஆகிவிடாது. சாக்கில் சுற்றி வந்த பெரிய பாளத்தைத் தரையில் வைத்துக் கம்பியால் உடைக்கிறார்களா என்று பாருங்கள்.

ஜிகர்தண்டா குடிக்காமல் மதுரையை விட்டுப் போகச் சொல்ல எனக்கு மனசு வராது. அதில் சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி அல்லது பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் இருக்கும். இவற்றைப் பாத்திரத்தோடு ஐஸில் புதைத்தோ ஃப்ரீஸரில் வைத்தோ குளிர வைக்கிற கடையில், ஐஸ் வெளியே நிற்கிறது, டம்ளருக்குள் வருவதில்லை. அந்தக் கடையைத் தேர்ந்தெடுங்கள். நொறுக்கிய ஐஸை டம்ளரில் போடுகிற கடையில் “ஐஸ் போடாம குடுங்க” என்று சொல்லிவிடுங்கள். வயிறு சரியில்லாத நாளில் பருத்திப்பால் இன்னும் நல்லது. பாத்திரத்துக்கு அடியில் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும், அடுப்பில் இருந்து நேராக டம்ளருக்கு வரும். டம்ளரை மட்டும் வெந்நீரில் அலசித் தரச் சொல்லலாம், அல்லது காகிதக் கப்பில் வாங்கலாம்.

நறுக்கி வைத்த தர்பூசணி, பப்பாளியைவிட, கண் முன்னால் சீவித் தரும் இளநீர், நுங்கு, நீங்களே உரிக்கும் வாழைப்பழம் எல்லாம் நம்பகமானவை. நறுக்கிய பழத்தின் மேல் வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். மறுபடி அதே தண்ணீர்க் கேள்விதான்.

கை

பணம் வாங்குகிற கையும் பரிமாறுகிற கையும் ஒன்றா என்று பாருங்கள். இப்போது ஜிபே அட்டை மாட்டியிருப்பதால் நிறைய கடைகளில் மாஸ்டர் பணத்தைத் தொடுவதே இல்லை, அது பெரிய நன்மை. கையுறை போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். கையுறையோடு சில்லறை எண்ணி, அதே கையுறையோடு வெங்காயத்தை அள்ளினால் வெறுங்கையைவிட மேல் இல்லை. கரண்டி, இடுக்கி எவ்வளவு புழங்குகின்றன என்பதே சரியான அடையாளம். பானிபூரியில் கையே ரசத்துக்குள் முங்கும். புளிப்பு இருந்தாலும் அது கிருமியை முழுசாகக் கொன்றுவிடாது. பயணத்தில் நான் விட்டுவிடச் சொல்வது அந்த ஒன்றைத்தான்.

உங்கள் கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேப்பர் சோப் சின்ன டப்பா ஒன்று பையில் இருக்கட்டும். பேருந்துக் கம்பி பிடித்த கை எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும், அதில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

சுவரில் மாட்டியிருக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழில் 14 இலக்க எண் இருக்கும். கடை பதிவு செய்யப்பட்டது என்பதற்கு அது சாட்சி, இன்று பக்கெட் தண்ணீர் மாற்றினார்களா என்பதற்கு அல்ல.

ஒரு கொத்து புரோட்டாவைப் பின்தொடர்ந்து பார்ப்போம்

ராத்திரி எட்டரை மணி, நல்ல கூட்டம். நீங்கள் பக்கெட் பக்கம் நிற்கிறீர்கள். மாஸ்டர் ஏற்கெனவே சுட்டு அடுக்கிய புரோட்டாவில் இரண்டை எடுத்துக் கல்லில் பிய்த்துப் போடுகிறார். சுட்டது அரை மணி முன்னால் என்றாலும் மறுபடி கல்லுக்கு வந்துவிட்டது, கவலை இல்லை. வெங்காயம், பச்சை மிளகாய் கல்லிலேயே வதங்குகின்றன. முட்டையை உடைத்து ஊற்றி, சால்னா ஒரு கரண்டி விட்டு, இரண்டு கொத்துக் கரண்டிகளால் தட்டுகிறார். முட்டை ஈரமாகப் பளபளப்பதை விட்டுத் திட்டுத்திட்டாகக் கெட்டியாகும் வரை தட்டுகிறாரா என்று பாருங்கள். அவசரத்தில் இறக்கினால் “நல்லா முறுகலா கொத்திக் குடுங்கண்ணே” என்று சொன்னால் போதும். கோழிக்கறி போட்ட கொத்து என்றால், கறி கல்லில் மற்றதோடு சேர்ந்து கொத்துப்பட வேண்டும். மேலே தூவித் தரக் கூடாது.

இதுவரை எல்லாம் நெருப்பில் நடந்தது. இப்போது தட்டுக்கு வருகிறது. இலை போட்ட தட்டு, சரி. மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவப் போகிறார். அந்த வெங்காயம் திறந்த தட்டில் சாயங்காலத்தில் இருந்து கிடக்கிறது, கழுவிய தண்ணீர் தெரியாது. “மேல வெங்காயம் வேண்டாம்ணே” என்று விட்டுவிடுங்கள். தயிர்வெங்காயமும் வேண்டாம். கடைசியாகச் சால்னா. சின்ன அடுப்பில் ஓரத்தில் குமிழ் விட்டுக்கொண்டிருந்தால் தாராளமாக வாங்குங்கள். வாளியில் ஊற்றி வைத்து, மேலே எண்ணெய் ஏடு படிந்து, ஆவியே இல்லாமல் இருந்தால் அது 60 டிகிரிக்குக் கீழே எப்போதோ இறங்கியது. “அண்டாவுல இருக்கிற சூடான சால்னாவ ஊத்துங்க” என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் கொத்து புரோட்டாவைத் தனியாகவே சாப்பிடலாம், கல்லிலேயே சால்னா சேர்ந்துவிட்டதால் வறட்சியாக இருக்காது.

அதே கடையில் கலக்கி கேட்பவர்கள் நிறைய. பாதி வெந்த முட்டைதான் அதன் ருசி, அதனாலேயே சால்மோனெல்லா கிருமி பிழைத்திருக்க இடம் இருக்கிறது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை இந்தக் காரணத்துக்காகத்தான் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், அமிலம் குறைக்கும் மாத்திரை தினமும் எடுப்பவர்கள் கலக்கியை விட்டு, முழுசாக வெந்த ஆம்லெட் சாப்பிடட்டும். கர்ப்பிணிகள் தண்ணீர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு மிகக் கடுமையாகும்.

ராத்திரிப் பேருந்துக்குப் பார்சல் வாங்குகிறவர்கள் நேரத்தைக் கணக்குப் போட வேண்டும். ஒன்பது மணிக்குக் கட்டிய சட்னியை இரண்டு மணிக்குப் பிரிப்பது, நல்ல கடையின் சாப்பாட்டையும் கெடுத்துக்கொள்வதுதான். பேருந்துக்குப் பொடி தடவிய இட்லியே தாங்கும்.

இவ்வளவுக்கும் பிறகு வயிறு கெட்டால்

கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். ஒன்று முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தியாக வந்தால் அநேகமாக நச்சு, அது பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியாக்கள் பொதுவாக ஆறு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை எடுத்துக்கொள்ளும். அதனால் நேற்றும் முந்தாநாளும் சாப்பிட்டதையும் நினைத்துப் பாருங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றிரண்டு பையில் இருக்கட்டும். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீருக்கு என்று போட்டிருக்கும். ஒரு லிட்டருக்கான பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள். பாதி பாதியாகப் பிரித்தால் உப்பின் அளவு தவறும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். பாக்கெட் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஓ.ஆர்.எஸ். மாதிரி விற்கும் பழச்சாறு டப்பாக்களில் சர்க்கரை அதிகம், அவை போக்கை இன்னும் கூட்டலாம். வாந்தி இருந்தால் ஒரு நிமிடத்துக்கு ஒரு வாய் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

மலத்தில் ரத்தம், கடுமையான காய்ச்சல், குடித்த தண்ணீர் எதுவும் தங்காமை, ஆறு எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமை, குழந்தை துவண்டு கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. ஊர் திரும்பி ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் விடாத காய்ச்சல் வந்தால் டைஃபாய்டாக இருக்கலாம். திரும்பி ஏழு வாரத்துக்குள் கண் மஞ்சளானால் ஹெபடைடிஸ் ஏயாக இருக்கலாம். எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தீர்கள், வெளியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எந்தப் பரிசோதனை எடுப்பது என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.